முக்கோணமும் முச்சந்தியும்: டெல்டா, ஸ்டார் என்ற இரு சொற்கள்

உயர்தரப் பௌதிகவியல் வகுப்பில் ஒரு மாணவி கரும்பலகையைப் பார்த்துக் கேட்டாள்: "சேர், முக்கோணம் விளங்குது. ஸ்ரார் எங்க சேர் இருக்கு?" பலகையில் நான் கீறியிருந்தது மூன்று கோடுகள் ஒரு புள்ளியில் வந்து முட்டுகிற படம். நத்தாருக்கு வாசலில் தொங்கவிடும் நட்சத்திரத்துக்கு ஐந்து முனை. இதற்கு மூன்றே கால். அவள் கேட்டதில் பிழை இல்லை, பெயரில்தான் கொஞ்சம் கோணல்.

டெல்டா என்பது கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. பெரிய எழுத்தாக எழுதினால் முக்கோணமாக இருக்கும்: Δ. அதற்கு முந்திய பினீசிய எழுத்தின் பெயருக்குக் 'கதவு' என்று பொருள். நைல் நதி கடலில் சேரும் இடம் முக்கோண வடிவில் விரிந்து கிடந்ததால் கிரேக்கர் அந்த நிலத்தையும் டெல்டா என்றார்கள். காவிரிக்கரைக்காரருக்கு இது அன்றாடச் சொல். குடாநாட்டில் ஆறென்று சொல்ல மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறுதான் உண்டு. ஆகவே யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு டெல்டா என்றதும் நிலம் எதுவும் கண்ணில் வராது, மூன்று தடையிகள் மட்டுமே வரும்.

மூன்று தடைகளின் முக்கோணத்தை எடுத்துவிட்டு, அதற்குச் சமனான மூன்று கால் ஸ்ராரை வைத்துக் கணக்குச் செய்யும் மாற்றீட்டை 1899இல் எழுதி வெளியிட்டவர் ஆர்தர் கென்னலி. பம்பாயின் கொலாபாவில் பிறந்த மின்பொறியியலாளர் அவர். தம் கட்டுரையின் தலைப்பில் அவர் டெல்டா என்று எழுதவில்லை. முக்கோணங்கள், மூன்று முனை நட்சத்திரங்கள் என்றுதான் எழுதினார். எனவே 'முக்கோண இணைப்பு' என்று நாம் எழுதினால் அது டெல்டாவின் மொழிபெயர்ப்பாக நிற்காது, மூலச் சொல்லுக்கே கிட்டப் போய்விடும். மற்றதற்கு 'உடு இணைப்பு' என்று எழுதலாம். உடுத்தொகுதி என்று படித்த பிள்ளைகளுக்கு உடு புதிய சொல்லும் இல்லை. ஆனால் வகுப்பில் நான் சொல்வது 'முச்சந்தி'. மூன்று தெருக்கள் கூடுகிற இடம், நடுவில் ஒரு சந்தி. இந்த நடுச்சந்தியில்தான் முழு விசயமும் இருக்கிறது.

பெயரை விட்டுவிட்டு உள்ளே போவோம். க, ச, ட என்ற மூன்று முனைகள். க–ச இடையே 20 ஓம், க–ட இடையே 30 ஓம், ச–ட இடையே 50 ஓம். இது முக்கோணம். இதை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, மூன்று முனைகளை மட்டும் வெளியே விட்டதாக நினையுங்கள். க, ச இரண்டிலும் மானியை வைத்து அளந்தால், 20 ஓமுக்குச் சமாந்தரமாக மற்ற இரண்டும் தொடராகச் சேர்ந்த 80 ஓம் நிற்கிறது. விடை 16. க–ட அளந்தால் 30க்குச் சமாந்தரமாக 70, விடை 21. ச–ட அளந்தால் 50க்குச் சமாந்தரமாக 50, விடை 25.

இப்போது கேள்வி இதுதான்: இதே 16, 21, 25ஐக் காட்டும் முச்சந்தி ஒன்று உண்டா? முச்சந்தியில் இரண்டு முனைகளை அளக்கும்போது மூன்றாவது காலில் ஓட்டமே இல்லை, எனவே இரண்டு கால்களின் கூட்டுத்தொகைதான் விடை. மூன்று அளவுகளையும் கூட்டினால் 62. ஒவ்வொரு காலும் இரண்டு தரம் எண்ணப்பட்டிருப்பதால் கால்கள் மூன்றின் கூட்டு 31. அதிலிருந்து ச–ட அளவான 25ஐக் கழித்தால் க முனையின் கால் 6 ஓம். அப்படியே ச முனைக்கு 31−21 = 10, ட முனைக்கு 31−16 = 15.

பாடப்புத்தகச் சூத்திரம் இதையே சுருக்கிச் சொல்கிறது: ஒரு முனையைத் தொடும் இரண்டு தடைகளையும் பெருக்கி, மூன்றின் கூட்டுத்தொகையால் பிரி. க முனையைத் தொடுபவை 20, 30. பெருக்கம் 600, கூட்டு 100, விடை 6. சூத்திரம் மறந்துபோனால் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், கழித்தே விடையை எடுத்துவிடலாம்.

சரி, இந்த மாற்றீடு உதவுகிற வீற்ஸ்ரன் பாலத்துக்கு வருவோம். மேலே சொன்ன முக்கோணத்தின் ச முனையிலிருந்து த என்ற முனைக்கு 20 ஓம், ட முனையிலிருந்து அதே த முனைக்கு 45 ஓம் பூட்டுகிறோம். ஓட்டம் க வழியாக உள்ளே வந்து த வழியாக வெளியே போகிறது. பாலத்தின் உருவம் இது. நடுவில் கல்வனோமானி இருக்க வேண்டிய இடத்தில் 50 ஓம் நிற்கிறது. முதலில் பார்க்க வேண்டியது பாலம் சமநிலையில் இருக்கிறதா என்பது. 20க்கு 30 என்ற விகிதமும் 20க்கு 45 என்ற விகிதமும் ஒன்றில்லை. ஆகவே 50 ஓமில் ஓட்டம் உண்டு, அதை அழித்துவிட முடியாது. தொடர், சமாந்தரம் என்று பிரித்துப் பார்க்கவும் எந்த இரண்டு தடைகளும் அகப்படாது.

இங்கேதான் முக்கோணத்தை எடுத்துவிட்டு முச்சந்தியை வைக்கிறோம். க முனையிலிருந்து 6 ஓம் நடுச்சந்திக்கு வருகிறது. அங்கிருந்து ஒரு வழி 10 ஓம் கடந்து ச, பிறகு 20 ஓம் கடந்து த, ஆக 30. மற்ற வழி 15ம் 45ம் சேர்ந்து 60. 30உம் 60உம் சமாந்தரமாக 20. அதோடு முன்னால் நின்ற 6. மொத்தத் தடை 26 ஓம்.

ட–த இடையே 45க்குப் பதிலாக 30 ஓம் இருந்திருந்தால் பாலம் சமநிலை. அப்போது 50ஐக் கழற்றிவிட்டு 40க்குச் சமாந்தரமாக 60 என்று போட்டால் 24 வரும். முச்சந்தி வழியாகப் போனாலும் 6, அதோடு 30க்குச் சமாந்தரமாக 45, அதாவது 6+18 = 24. முறையில் சந்தேகம் வந்தால் இப்படிச் சமநிலைப் பாலம் ஒன்றில் போட்டுப் பார்க்கலாம்.

விடை சரியா என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. சோதனை மண்டபத்தில் இதுதான் அதிகம் உதவும். நடுவில் உள்ள 50ஐ முற்றாகக் கழற்றினால் 40க்குச் சமாந்தரமாக 75, சுமார் 26.09 ஓம். அந்த இடத்தில் வெறும் கம்பியை வைத்தால் 12உம் சுமார் 13.85உம் சேர்ந்து 25.85 ஓம். பாலத்தின் நடுவில் எந்தத் தடை நின்றாலும் மொத்தத் தடை இந்த இரண்டுக்கும் இடையில்தான் விழ வேண்டும். முனைகளை மாற்றிப்போட்டு க முனைக்கு 10உம் ச முனைக்கு 6உம் என்று எழுதினவருக்கு விடை 28.14 வரும். வேலிக்கு வெளியே போய்விட்டது என்று உடனே தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள்: 50ஐக் கண்டுகொள்ளாமல் விட்டவரும் 26.09 என்று கிட்டத்தட்டச் சரியான விடைக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். இந்தக் கணக்கில் பாலம் பெரிய அளவு சாயவில்லை என்பதால் அப்படி. முறை சரியென்று அதை வைத்து நம்பிவிட வேண்டாம்.

இனி அந்த நடுச்சந்தி. அது எங்கே இருக்கிறது? எங்கேயும் இல்லை. சுற்றைக் கழற்றிப் பார்த்தால் அப்படி ஒரு புள்ளி கிடைக்காது, மானியின் முனையை வைக்க இடமும் இல்லை. அதனால் 'மாற்றம்' என்பதைவிட 'மாற்றீடு' என்று எழுதுவது நல்லது என்பது என் எண்ணம். சுற்று மாறவில்லை. கணக்குக்காக ஒன்றின் இடத்தில் இன்னொன்றை இட்டிருக்கிறோம், அவ்வளவுதான். இது சொல்லைப் பற்றிய வீண் பிடிவாதம் இல்லை. பலர் புள்ளி இழப்பதும் இந்த இடத்தில்தான். வினாவின் அடுத்த பகுதி 50 ஓமில் ஓடும் ஓட்டத்தைக் கேட்கும். பிள்ளை முச்சந்தியின் 10 ஓம் காலில் கண்ட ஓட்டத்தைத் தூக்கி அங்கே எழுதிவிடும்.

செய்ய வேண்டியது இது. 26 ஓமுக்குள் 30 மில்லி அம்பியர் வருவதாக வைப்போம். சந்தியில் அது 20, 10 என்று பிரிகிறது. ச முனையின் அழுத்தம், த முனையை 0 என்று கொண்டால், 20 மில்லி அம்பியர் × 20 ஓம் = 400 மில்லி வோல்ற்று. ட முனையில் 10 × 45 = 450. க முனையில் 780. ச, ட, க மூன்றும் மெய்யான முனைகள், எனவே இந்த மூன்று அழுத்தங்களும் மெய்யானவை. இவற்றை எடுத்துக்கொண்டு முச்சந்தியை அழித்து, பழைய முக்கோணத்துக்குத் திரும்ப வேண்டும். ச–ட இடையே வித்தியாசம் 50 மில்லி வோல்ற்று, தடை 50 ஓம், ஆக ஓட்டம் 1 மில்லி அம்பியர், ட முனையிலிருந்து ச பக்கம். சரிபார்க்க: க–ச வழியில் 380 ÷ 20 = 19. அதோடு பாலத்தால் வந்த 1 சேர்ந்து, ச முனையிலிருந்து கீழே போவது 20. கணக்கு ஒத்துப்போகிறது. 10 ஓம் காலில் கண்ட 20ஐயே 50 ஓமுக்கு எழுதியவர் இருபது மடங்கு பிழைத்திருப்பார்.

முச்சந்தியிலிருந்து முக்கோணத்துக்குத் திரும்பும் சூத்திரமும் உண்டு: கால்களை இரண்டிரண்டாகப் பெருக்கிக் கூட்டி (60+150+90 = 300), வேண்டிய பக்கம் தொடாத முனையின் காலால் பிரித்தால் சரி. 300 ÷ 15 = 20, 300 ÷ 10 = 30, 300 ÷ 6 = 50. ஆனால் மெய்யான முச்சந்தி ஒன்றின் நடுவில் நாலாவது கம்பி தொட்டிருந்தால் இந்தக் கணக்கைத் தொடவே கூடாது. முக்கோணமாக மாற்றியதும் நடுப்புள்ளி மறைந்துவிடும், நாலாவது கம்பிக்குப் பிடிக்க இடம் இருக்காது.

கடைசியாக ஒரு குழப்பம். ஸ்ரார்–டெல்டா என்ற சொல்லை வகுப்புக்கு வெளியே பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் மில்லில், பெரிய மோட்டாரின் ஸ்ரார்ட்டர் பெட்டியில். அங்கே நடப்பது மாற்றீடு இல்லை, மெய்யான மாற்றம். அதே மூன்று சுருள்களை ஆள் நின்று, அல்லது பெட்டி தானாகவே, முதலில் முச்சந்தியாகவும் பிறகு முக்கோணமாகவும் பூட்டுகிறது. முச்சந்தியில் ஒவ்வொரு சுருளுக்கும் 230 வோல்ற்று, முக்கோணத்தில் 400 வோல்ற்று. தொடங்கும்போது கம்பியில் இழுக்கும் ஓட்டம் மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அந்த மூன்று எங்கிருந்து வந்தது என்று மில்காரர் கேட்டால் இதே சூத்திரத்தைக் காட்டலாம்: மூன்று 10 ஓம் கால்களின் முச்சந்திக்குச் சமன் மூன்று 30 ஓம் பக்கங்களின் முக்கோணம். அதே 10 ஓம் சுருள்களை முக்கோணமாகவே பூட்டினால் பக்கத்துக்கு 10 ஓம்தான், ஆகவே இழுப்பதும் மூன்று மடங்கு.