பால் மாறியது, பனீர் மாறவில்லை

எல்டிஎல் கொழுப்பு 158 என்று வந்த பரிசோதனை முடிவுடன் ஒரு பெண்மணி என்னைப் பார்க்க வந்தார். வயது ஐம்பதைத் தாண்டியவர். நிறைவுற்ற கொழுப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நெய்யைத் தொடவில்லை. நிறைகொழுப்புப் பாலை விட்டுவிட்டு டோன்ட் பாலுக்கு மாறியிருந்தார். இறைச்சியையும் நிறுத்தி, அதற்குப் பதிலாகப் புரதத்துக்கென்று தினமும் 100 கிராம் பனீர் சாப்பிட்டுவந்தார். ஆறு மாதம் கழித்தும் அளவு இறங்கவில்லையே என்பதுதான் அவருடைய கவலை.

பாலின் பெயரைப் பார்த்தால் போதாது, அதன் கொழுப்பு விகிதத்தையும் பார்க்க வேண்டும். இந்தியத் தர விதிகளின்படி நிறைகொழுப்புப் பாலில் குறைந்தது 6 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும். நிலைப்படுத்திய பாலில் 4.5, டோன்ட் பாலில் 3, டபுள் டோன்ட் பாலில் 1.5 சதவீதம். பாக்கெட்டின் நிறத்தை நம்பாதீர்கள். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். பால் கொழுப்பில் ஐந்தில் மூன்று பங்குக்குச் சற்று மேல் நிறைவுற்றது என்று வைத்துக்கொண்டால், மீதிக் கணக்கை நீங்களே போட்டுவிடலாம்.

அந்தப் பெண்மணியின் ஒரு நாளைக் கணக்கிட்டோம். காபிக்கும் டீக்கும் 300 மில்லி டோன்ட் பால்: 9 கிராம் கொழுப்பு. அதே பாலில் உறையூற்றிய தயிர் 150 கிராம்: 4.5 கிராம். இன்னொரு 100 கிராம் தயிரில் கரைத்த மோர்: 3 கிராம். இவை மூன்றும் சேர்ந்து 16.5 கிராம்தான். பனீர் மட்டும் தனியாக 20 கிராமைத் தந்தது. மொத்தம் 36.5 கிராம், அதில் ஏறத்தாழ 22 கிராம் நிறைவுற்றது. நாளுக்கு 1800 கலோரி சாப்பிடுபவருக்கு, மொத்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு வேண்டாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, எல்லா உணவிலிருந்தும் சேர்த்தே 20 கிராம்தான் உச்சம்.

பனீரில் இவ்வளவு எப்படி வந்தது? பாலைத் திரிக்கும்போது கொழுப்பு ஏறக்குறைய முழுவதும் கட்டியோடு போய்விடுகிறது; வடியும் நீரில் மிகச் சிறிதே தங்கும். கடைப் பனீரில் ஈரம் 60 சதவீதம் வரை இருக்கலாம், மீதியுள்ள திடப்பொருளில் பாதியாவது கொழுப்பாக இருக்க வேண்டும் என்பதே விதி. அதாவது 100 கிராமுக்குக் குறைந்தது 20 கிராம். பொட்டலத்தில் ‘குறைந்த கொழுப்பு’ என்றிருந்தாலும் பின்புறத்து ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

மோரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பலரிடமும் இருக்கிறது. தண்ணீர் சேர்த்ததால் கொழுப்பு போய்விட்டது என்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் தயிரில் இருந்த 3 கிராமும் டம்ளருக்குள்தான் இருக்கும். மத்தால் கடைந்து வெண்ணெயைத் திரட்டி எடுத்த மோர் வேறு. அதில் கொழுப்பு உண்மையாகவே மிகக் குறைவு. மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றி அப்படியே குடிப்பதில் அந்தப் பயன் இல்லை. பால் காய்ந்தபின் ஆடையை எடுத்துவிட்டால் போதும் என்பதும் அரைகுறைதான். ஒருமைப்படுத்திய பாலில் கொழுப்புத் துளிகள் நுண்ணியதாக உடைந்திருப்பதால் பெரும்பகுதி மேலே வராது. எடுத்த ஆடையைச் சேர்த்துவைத்து நெய் காய்ச்சிச் சாப்பிட்டால் அந்தக் குறைப்பும் வீண்.

அவருக்கு நான் சொன்ன மாற்றம் சிறியது. பாலும் தயிரும் மோரும் அதே அளவு, ஆனால் டபுள் டோன்ட் பாலில். திடப்பொருள் அதில் சற்றுக் கூடுதல் என்பதால் தயிர் நன்றாகவே உறையும். பனீரை அதே பாலில் வீட்டில் செய்து, நாளுக்கு 50 கிராம். ஒரு லிட்டரில் 15 கிராம் கொழுப்புதான் இருக்கிறது, அதிலிருந்து ஏறக்குறைய 150 கிராம் பனீர் கிடைப்பதால் 100 கிராம் பனீருக்குச் சுமார் 10 கிராம் வரும். பால் பொங்கியதும் அடுப்பை அணைத்து, ஓரிரு நிமிடம் ஆறவிட்டு எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அதிகக் கனம் வைத்து அழுத்தினால் ரப்பர் போல் ஆகிவிடும். இப்போது மொத்தக் கொழுப்பு 13 கிராம், நிறைவுற்றது 8 கிராம். குறைத்த பனீரின் புரதத்தைப் பருப்பு, சுண்டல், மீன் ஆகியவற்றிலிருந்து எடுக்கச் சொன்னேன். அந்த இடத்தை பிஸ்கட்டாலும் வெள்ளைச் சோற்றாலும் நிரப்பினால் இரத்தக் கொழுப்பில் பெரிய நன்மை கிடைக்காது.

மூன்று மாதம் கழித்து மறுபடியும் இரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். முறையாகக் குறைத்தும் எல்டிஎல் அசையவில்லையென்றால் தைராய்டு, பரம்பரைக் காரணம் போன்றவற்றை மருத்துவர் ஆராய வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் அதற்கு டபுள் டோன்ட் பால் வேண்டாம். ஒரு வயது முதல் இரண்டு வயது வரை கொழுப்பு நீக்காத பாலே தேவை.