யக்துபுவா, யக்திபுவா?

‘நடந்தான்’ என்றால் ‘நடக்கிறான்’. ‘அறிந்தான்’ என்றால் ‘அறிகிறான்’. இறந்த காலத்தில் இரண்டும் ‘ந்த்’ என்றே வந்தாலும் நிகழ்காலத்தில் பிரிந்துவிடுகின்றன. அரபி மூன்றெழுத்து வினைகளிலும் இதே மாதிரியான தொல்லை உண்டு. அங்கே அது நடு எழுத்தின் உயிரொலியில் இருக்கிறது.

கதப என்றால் எழுதினான். எழுதுகிறான் என்பது யக்துபு. ஜலஸ, உட்கார்ந்தான், அதன் நிகழ்காலம் யஜ்லிஸு. இறந்த காலத்தில் இரண்டுக்கும் நடுவில் அகரம்தான், ஆனால் நிகழ்காலத்தில் ஒன்றுக்கு உகரம், மற்றதற்கு இகரம்.

நடுவில் இகரமோ உகரமோ இருந்தால் கவலை குறைவு. ஷரிப (குடித்தான்) யஷ்ரபு ஆகும். இகரம் அகரமாவதுதான் வழக்கம், வாரிசானான் என்னும் வரிஸ – யரிஸு போன்ற சில மட்டுமே விலகும். கபுர (பெரிதானான்) உகரத்தை விடாமல் யக்புரு ஆகும். சிக்கலெல்லாம் அகரக் கூட்டத்தில்தான்.

அங்கேயும் ஒரு துப்பு இருக்கிறது. ஹம்ஸா, இரண்டு ஹாக்கள், ஐன், கைன், கா என்ற ஆறும் தொண்டைப் பக்கம் பிறக்கும் எழுத்துகள். இவற்றில் ஒன்று வேரின் இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தில் இருந்தால், நிகழ்காலத்திலும் அகரமே வர வாய்ப்பு அதிகம். ஃபதஹ (திறந்தான்) யஃப்தஹு, கரஅ (படித்தான்) யக்ரஉ. அகரத்துக்கு வாய் திறந்து நாக்கு தாழ்ந்திருக்கும். தொண்டை ஒலிக்குப் பக்கத்தில் அது இயல்பாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதல் எழுத்து ஏன் கணக்கில் இல்லை? அகல (சாப்பிட்டான்) ஹம்ஸாவில்தான் தொடங்குகிறது, ஆனாலும் யஃகுலு. நிகழ்காலத்தில் முதல் எழுத்து உயிரொலி இல்லாமல் நின்றுவிடும். நாம் தேடும் உயிரொலி இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் இருப்பதால், அவ்வளவு தூரத்துக்கு முதல் எழுத்தின் கை நீளாது.

ஆனால் இந்தத் துப்பை முழுசாக நம்பவும் கூடாது. தகல (நுழைந்தான்) என்பதன் நடு எழுத்து கா. கணக்குப்படி யத்கலு என்று வர வேண்டும், வருவதோ யத்குலு. ரஜஅ (திரும்பினான்) ஐனில் முடிந்தும் யர்ஜிஉ. இரண்டுமே தினமும் புழங்கும் வினைகள் என்பதால், புதிதாகப் படிப்பவர் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். மறுபக்கம் பார்த்தால் விதி உறுதியானது: அகரம் அகரமாகவே நீடித்தால், எங்கோ ஓரிரண்டு விலக்குத் தவிர, தொண்டை எழுத்து ஒன்று அங்கே இருந்தே தீரும்.

தொண்டை எழுத்து இல்லாவிட்டால் உகரமா இகரமா என்று சொல்லப் பெரும்பாலும் வழியில்லை. சில வினைகளில் அரபிகளே இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள். குர்ஆன் 7:138-இல் சிலை வழிபாட்டில் மூழ்கியிருப்போரைக் குறிக்கும் சொல்லை ‘யஅகுஃபூன்’ என்று ஓதுவோரும் உண்டு, ‘யஅகிஃபூன்’ என்று ஓதுவோரும் உண்டு. இரண்டும் ஏற்கப்பட்ட ஓதல்களே. ஹான்ஸ் வேர் என்பவர் தொகுத்த அரபி அகராதி இத்தகைய ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் a, i, u என்று ஒற்றை எழுத்தைப் போட்டுவிடுவது இதனால்தான். வினையை மனப்பாடம் செய்யும்போதே ‘கதப, யக்துபு’ என்று ஜோடியாகச் சொல்லிப் பழகுவதும் அதற்காகத்தான்.