திரவ ஆக்சிஜனைக் காந்தம் ஏன் இழுக்கிறது?

மணலி, எண்ணூர் பக்கத்துச் சாலைகளில் போகும் டேங்கர் லாரிகளில் சிலவற்றின் மேல் 'திரவ ஆக்சிஜன்' என்றும் சிலவற்றின் மேல் 'திரவ நைட்ரஜன்' என்றும் எழுதியிருக்கும். இரண்டும் காற்றைக் குளிர்வித்துப் பிரித்து எடுத்தவை. நைட்ரஜன் -196 டிகிரி செல்சியஸில் கொதிக்கும், ஆக்சிஜன் -183-ல் கொதிக்கும். தனிம வரிசை அட்டவணையிலும் இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் இருக்கின்றன. ஆனால் வலுவான மின்காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே இவற்றை ஊற்றினால் நடத்தை வேறாக இருக்கும். நைட்ரஜன் தண்ணீர் மாதிரி நேராகக் கீழே விழுந்துவிடும். ஆக்சிஜனோ முனைகளுக்கு இடையில் வெளிர்நீலப் பாலம் போல ஒட்டிக்கொண்டு நிற்கும், கொதித்துத் தீரும்வரை இறங்காது. ஜேம்ஸ் டிவார் 1891-லேயே லண்டனில் இதைச் செய்து காட்டிவிட்டார். அதற்கான காரணம் கிடைக்க இன்னும் ஏறக்குறைய நாற்பது வருடம் ஆனது.

பள்ளியில் நாம் போடும் புள்ளிப் படத்தை இங்கே எடுத்துப் பாருங்கள். ஆக்சிஜன் அணு ஒவ்வொன்றுக்கும் வெளிக்கூட்டில் 6 எலக்ட்ரான்கள். நடுவில் இரண்டு ஜோடி பகிர்ந்தால் இரட்டைப் பிணைப்பு வந்துவிடும், எல்லோருக்கும் எட்டு சரியாக நிரம்பும், ஒரு எலக்ட்ரான்கூடத் தனியாக நிற்காது. பிணைப்பைப் பொறுத்தவரை இந்தப் படம் சரிதான். ஆனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் தன் சுழற்சியால் ஒரு குட்டிக் காந்தம். எதிரெதிர்ச் சுழற்சியில் ஜோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றொன்று அழித்துவிடும். புள்ளிப் படம் உண்மையென்றால் ஆக்சிஜனைக் காந்தம் இழுக்கவே கூடாது.

இந்தச் சிக்கலை 1929-ல் ஆங்கிலேய அறிவியலாளர் லென்னார்ட்-ஜோன்ஸ் தீர்த்தார். எலக்ட்ரானை இந்த அணுவுக்கோ அந்த அணுவுக்கோ சொந்தமாக்காமல் மூலக்கூறு முழுவதற்கும் சொந்தமாக்கினார். அணுவின் ஆர்பிட்டால் என்பது ஓர் அலை. காசிமேட்டில் இரண்டு அலைகள் சந்திக்கும்போது முகடும் முகடும் சேர்ந்தால் உயரும், முகடும் பள்ளமும் சேர்ந்தால் அடங்கிவிடும். இரண்டு அணுக்களின் ஆர்பிட்டால்களும் இந்த இரு விதமாகவும் சேரும். கூடிச் சேர்ந்தால் இரு அணுக்கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் அடர்த்தி மிகும், ஆற்றல் குறையும். அது பிணைப்பு ஆர்பிட்டால். கழிந்து சேர்ந்தால் நடுவே அடர்த்தி இல்லாமல் போகும், ஆற்றல் ஏறும். அது எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால். பெயரில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு அதை எழுதுவார்கள். அங்கே போய் உட்காரும் எலக்ட்ரான் பிணைப்பை இளக்கிவிடும்.

இனி கீழிருந்து மேலாக நிரப்பினால் போதும். நைட்ரஜன் மூலக்கூறுக்கு வெளிக்கூட்டு எலக்ட்ரான்கள் 10, ஆக்சிஜனுக்கு 12. கீழே σ என்பது இரு அணுக்கருக்களையும் இணைக்கும் கோட்டின் மேலேயே சேரும் ஆர்பிட்டால், π என்பது பக்கவாட்டில் சேருவது. 2s, 2p என்பவை அவை எந்த அணு ஆர்பிட்டாலிலிருந்து வந்தன என்பதையும், மேலே உள்ள சின்ன எண் அங்கே எத்தனை எலக்ட்ரான்கள் என்பதையும் சொல்லும்.

```
N2: σ2s² σ*2s² π2p⁴ σ2p²
O2: σ2s² σ*2s² σ2p² π2p⁴ π*2p²
```

நைட்ரஜனில் σ2p மட்டம் π2p-க்கு மேலேயும் ஆக்சிஜனில் கீழேயும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நைட்ரஜனில் 2s, 2p மட்டங்கள் ஆற்றலில் நெருக்கமாக இருப்பதால் ஒன்றோடொன்று கலந்து σ2p-ஐ மேலே தள்ளிவிடுகின்றன. பிளஸ் ஒன் மாணவர்கள் மனப்பாடத்தில் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் இன்றைய கணக்கை இது மாற்றாது.

பிணைப்புத் தரம் என்பது பிணைப்பு எலக்ட்ரான்களிலிருந்து எதிர்ப்பிணைப்பு எலக்ட்ரான்களைக் கழித்து, மிச்சத்தில் பாதி. நைட்ரஜனுக்கு 8-லிருந்து 2 போக 6, அதில் பாதி 3. ஆக்சிஜனுக்கு 8-லிருந்து 4 போக 4, அதில் பாதி 2. அளந்து பார்த்த எண்களும் இதையே சொல்கின்றன. நைட்ரஜனின் பிணைப்பு நீளம் 110 பைக்கோமீட்டர், உடைக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். ஆக்சிஜனுக்கு 121 பைக்கோமீட்டர், 498 கிலோஜூல். மணலி உர ஆலையில் காற்றின் நைட்ரஜனை அமோனியா ஆக்க இரும்பு வினையூக்கியும் நானூறு டிகிரிக்கு மேல் வெப்பமும் மிகுந்த அழுத்தமும் தேவைப்படுவது அந்த 3-ஐ அசைக்கத்தான்.

இப்போது ஆக்சிஜனின் கடைசி இரண்டு எலக்ட்ரான்களுக்கு வருவோம். காந்தத்தின் விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. π*2p என்பது ஒரே ஆர்பிட்டால் அல்ல. ஒரே ஆற்றலில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்கும் இரண்டு. இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்றிலேயே நெருக்கியடித்தால் விலக்கு விசை அதிகம். தனித்தனியே, ஒரே திசைச் சுழற்சியோடு அமர்ந்தால்தான் ஆற்றல் குறைவு. ஹூண்ட் விதி சொல்வது இதைத்தான். வலுக்கட்டாயமாக ஜோடி சேர்த்தால் மோலுக்கு 94 கிலோஜூல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் இணையாத இரண்டு எலக்ட்ரான்களைச் சுமக்கும் சின்னக் காந்தம். நைட்ரஜனில் எல்லாமே ஜோடி, அதனால் காந்தம் அதை இழுப்பதில்லை. உண்மையில் மிக மிக லேசாகத் தள்ளுகிறது, கண்ணுக்குத் தெரியாத அளவில்.

அந்த எலக்ட்ரான்கள் எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில்தான் இருக்கின்றன என்று எப்படி உறுதி செய்வது? ஒன்றை எடுத்துப் பார்க்கலாம். எலக்ட்ரானைப் பறித்தால் பிணைப்பு பலவீனமாகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நைட்ரஜனில் அப்படித்தான் நடக்கிறது, N₂⁺ ஆகும்போது தரம் 2.5 ஆகி, நீளம் 110-லிருந்து 112 ஆகிறது. ஆக்சிஜனில் தலைகீழ். O₂⁺ ஆகும்போது தரம் 2.5-க்கு ஏறி, நீளம் 121-லிருந்து 112 பைக்கோமீட்டராகச் சுருங்குகிறது. மாறாக இரண்டு எலக்ட்ரான்களைச் சேர்த்துப் பெராக்சைடு ஆக்கினால் தரம் 1, நீளம் 149. பெராக்சைடில் π* இரண்டும் நிரம்பிவிடுவதால் காந்த இழுப்பும் போய்விடும். எனக்கு இந்தக் கொள்கையில் மிகவும் பிடித்த சான்று இதுதான். புள்ளிப் படத்தை வைத்து இதில் ஒன்றைக்கூடச் சொல்லியிருக்க முடியாது.

சரி, நாம் சுவாசிக்கும் காற்றிலும் அதே ஆக்சிஜன்தானே, அது ஏன் காந்தத்தில் ஒட்டவில்லை? சூட்டில் மூலக்கூறுகள் தாறுமாறாகத் திரும்பிக்கொண்டே இருப்பதால் அவற்றின் காந்தங்கள் ஒரே திசையில் நிற்பதில்லை. அறை வெப்பநிலை ஏறக்குறைய 300 கெல்வின், திரவ ஆக்சிஜன் 90 கெல்வின். குளிர்வதால் மட்டும் ஒரு மூலக்கூறு காந்தப்புலத்தின் திசைப் பக்கம் சாயும் அளவு 3.3 மடங்கு கூடுகிறது. அதோடு, ஒரு லிட்டர் திரவத்தில் ஒரு லிட்டர் ஆக்சிஜன் வாயுவைவிடச் சுமார் 870 மடங்கு மூலக்கூறுகள் இருக்கின்றன. பெருக்கினால் ஏறத்தாழ 2,900. அளந்த மதிப்பு இதைவிடக் குறைவு, ஏனென்றால் திரவத்தில் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். இன்னொன்று, காந்தப்புலம் எங்கும் ஒரே சீராக இருந்தால் இழுப்பு இருக்காது. புலம் வலுவாகும் பக்கம் நோக்கித்தான் ஆக்சிஜன் நகரும். அதனால்தான் முனைகளைக் கூம்பாகச் செய்வார்கள்.

கல்லூரியில் இதைச் செய்து காட்டுபவர்கள் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். திறந்த குடுவையில் திரவ நைட்ரஜனை நெடுநேரம் வைத்தால், அதன் குளிரில் காற்றின் ஆக்சிஜன் திரவமாகி உள்ளே சேரும். நிறமற்றிருந்த திரவம் லேசாக நீலம் பூசினால் அதுதான் அடையாளம். எண்ணெய், துணி, கிரீஸ் எதுவும் பக்கத்தில் இருந்தால் ஆபத்து.

இதே இழுப்பை வைத்துத்தான் பாய்லர் புகையிலும் மருத்துவ வாயுவிலும் ஆக்சிஜன் அளவைக் காட்டும் பாராகாந்தக் கருவிகள் வேலை செய்கின்றன. காற்றின் மற்ற வாயுக்களைக் காந்தம் ஏறக்குறைய கண்டுகொள்வதில்லை என்பதால் அளவு நம்பகமாக வரும். புகையில் நைட்ரிக் ஆக்சைடு நிறைய இருந்தால் மட்டும் எண் கொஞ்சம் கூடிக் காட்டும். NO மூலக்கூறுக்கு வெளிக்கூட்டில் 11 எலக்ட்ரான்கள், பதினோராவது π*-ல் தனியாக அமர்ந்திருக்கிறது.