தலை தூக்கிய தண்ணீர்ப்பாம்பும் படம் விரிக்காத நல்லபாம்பும்: வயலில் எடுத்த படங்களைப் படிக்கும் முறை

காவிரி டெல்டாவில் சம்பா நடவு தொடங்கிக் களை பறிப்பு முடியும் வரையிலான நாள்களில், அடையாளம் கேட்டு எனக்கு வரும் பாம்புப் படங்களில் பெரும்பகுதி ஒரே வகைப் பாம்பினுடையது. முதுகில் சதுரங்கக் கட்டங்கள் போட்ட தண்ணீர்ப்பாம்பு அது. சில ஊர்களில் நீர்க்கோலி என்பார்கள். அறிவியலில் இப்போது ஃபவ்லியா பிஸ்கேட்டர் என்றும், சற்றுப் பழைய நூல்களில் ஜெனோக்ரோஃபிஸ் பிஸ்கேட்டர் என்றும் அதற்குப் பெயர். மீனும் தவளையும் தலைப்பிரட்டையும் தின்று வாய்க்கால், குளம், நாற்றங்கால் எங்கும் வாழும் இதன் கடியால் மனித உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் படத்துடன் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “ஐயா, இது நல்லபாம்புக் குட்டிதானே? அடித்துவிடலாமா?”

இந்தக் கேள்வி எழுவதற்குக் காரணம் அந்தப் பாம்பின் நடத்தையே. ஓட வழியில்லாமல் நெருக்கப்படும்போது அது உடலின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி, கழுத்தை மேலிருந்து கீழாகத் தட்டையாக்கி, வாயைத் திறந்து பாயும். அந்தக் கணத்தில் எடுத்த படத்தை அவசரமாகப் பார்ப்பவர்கள் படமெடுத்த நல்லபாம்பைத்தான் காண்கிறார்கள். ஆகவே ஒரு படம் வந்ததும் நான் கழுத்தைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது கண்.

கட்டம் போட்ட தண்ணீர்ப்பாம்பின் கண்ணிலிருந்து இரண்டு கறுப்புக் கோடுகள் சாய்வாக இறங்கும். ஒன்று கண்ணுக்கு நேர்கீழாக மேலுதட்டுக்கு வரும்; மற்றொன்று கண்ணின் பின்புறத்திலிருந்து வாயின் கோடிக்குப் போகும். உடல் நிறம் மஞ்சளாகவோ சாம்பலாகவோ ஆலிவ் பச்சையாகவோ ஏறக்குறைய கறுப்பாகவோ இருக்கலாம். முதுகின் கட்டங்கள் எடுப்பாகத் தெரியலாம், மங்கியும் போகலாம். அந்த இரண்டு கோடுகள் மட்டும் இத்தனை நிற வேறுபாட்டுக்கு நடுவிலும் பெரும்பாலும் தெளிவாக நிற்கும். அடுத்ததாகச் செதில்களைப் பார்ப்பேன். இதன் முதுகுச் செதில்களின் நடுவே நீளவாக்கில் மெல்லிய முகடு ஓடுவதால், உலர்ந்த உடல் சொரசொரப்பாகவும் பளபளப்பில்லாமலும் தெரியும். நல்லபாம்பின் செதில்களோ வழவழப்பானவை. ஆனால் ஈரமான பாம்பைப் படம் எடுத்தால், குறிப்பாக இரவில் ஃபிளாஷ் வெளிச்சத்தில் எடுத்தால், எல்லாப் பாம்பும் மினுங்கும். அப்போது செதிலை நம்பி முடிவுக்கு வரக் கூடாது.

இவையெல்லாம் எப்படிச் சேர்ந்து பயன்படுகின்றன என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் வரப்பில் கண்ட பாம்பை அவருடைய மகன் படம் எடுத்து அனுப்பியிருந்தார். மாலை வெளிச்சம், படத்தில் நடுக்கம், தலை பாதி திரும்பியிருந்ததால் கண்ணோரக் கோடுகள் தெரியவில்லை. கழுத்து அகன்றிருந்தது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அந்த ஒரு படத்தை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால், எல்லோரையும் பின்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, வேறு படமோ வீடியோவோ இருக்கிறதா என்று கேட்டேன். சில நொடிகளே ஓடும் ஒரு வீடியோ வந்தது, ஐயம் தீர அதுவே போதுமானதாக இருந்தது.

அதில் பாம்பு தரையிலிருந்து எழும்பிய உயரம் மிகக் குறைவு. அகன்ற பகுதி தலைக்குப் பின்னாலிருந்து உடலை நோக்கி நீளமாக, ஒரே சீரான அகலத்தில் போயிற்று. நல்லபாம்புக்கு அப்படி இருக்காது. அதன் கழுத்து விலா எலும்புகள் நீண்டவை; அவை விரிந்து தோலை இழுக்கும்போது தலைக்குச் சற்றுக் கீழே படம் மிக அகன்று, பிறகு உடலை நோக்கித் தெளிவாகக் குறுகும். உடலின் முன்பகுதி நிமிர்ந்து நிற்க, தலை முன்னோக்கி மடங்கியிருக்கும். முன்புறமிருந்து பார்த்தால் படத்துக்குக் கீழே, வயிற்றுப் பக்கத்தில், குறுக்காகக் கரும்பட்டைகள் இருப்பது வழக்கம். வீடியோவிலிருந்த பாம்பின் தொண்டையும் வயிறும் ஒரே வெளிர்நிறமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தோரணை நிலைக்கவில்லை. ஒருமுறை வாய் திறந்து பாய்ந்தது, மறுகணமே கழுத்தைச் சுருக்கிக்கொண்டு வாய்க்காலில் இறங்கி மறைந்துவிட்டது. நல்லபாம்பு எதிரில் ஆள் நிற்கும் வரையில் படத்தை விரித்தபடி, ஆளின் அசைவுக்கு ஏற்பத் திரும்பி, நெடுநேரம் நிற்கக்கூடியது. நான் தண்ணீர்ப்பாம்பு என்று பதில் அனுப்பினேன்.

சாரைப்பாம்பும் மிரட்டும்போது கழுத்தை மாற்றிக்கொள்ளும் என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் அது பக்கவாட்டில் அமுங்கும். அதனால் பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் கழுத்து உயரமாகத் தெரியும், மேலிருந்து பார்த்தால் ஒடுங்கித் தெரியும். தண்ணீர்ப்பாம்பில் இது நேர்மாறு. எந்தக் கோணத்திலிருந்து எடுத்த படம் என்று தெரியாமல் கழுத்தின் அகலத்தைப் பேசுவதில் பொருளில்லை.

இதே பாம்பின் இன்னொரு வழக்கமும் படங்களில் குழப்பம் உண்டாக்குகிறது. வாலைப் பிடித்தால் அது உடலை முறுக்கிக்கொண்டு வாலை அறுத்துவிட்டுத் தப்பக்கூடியது. பல்லியின் வால் வளர்வதுபோல் அந்த வால் மீண்டும் வளர்வதில்லை. மொட்டையான வாலுடன் வாழும் தண்ணீர்ப்பாம்பைக் கண்டவர்கள், வால் குட்டையாக இருக்கிறது, ஆகவே விரியன் என்று எழுதி அனுப்புகிறார்கள். விரியனின் வால் குட்டையாக இருந்தாலும் நுனிவரை இயல்பாகக் கூர்ந்து முடியும். அறுந்த வாலின் முனை மழுங்கியிருக்கும்.

வயலில் காணும் மற்ற இரண்டு பாம்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கட்டமோ கோடோ இல்லாமல் மேலே ஆலிவ் பச்சையாகவும் கீழே மஞ்சளாகவும் இருக்கும் ஆலிவ் தண்ணீர்ப்பாம்பு, கிணற்றிலும் குளத்திலும் அதிகம் தென்படும்; கட்டம் போட்டதைப்போல் சீறிப் பாயும் குணம் இதற்கு இல்லை, கையில் எடுத்தாலும் அரிதாகவே கடிக்கும். வரப்பில் பகலில் நடமாடும் மெல்லிய சிறு பாம்பு ஒன்றின் முதுகில் இரண்டு வெளிர்மஞ்சள் கோடுகள் உடல் நீளத்துக்கும் ஓடும். இதுவும் அஞ்சும்போது கழுத்தை உப்ப வைக்கும், அப்போது செதில்களுக்கு இடையிலிருந்து சிவப்போ நீலமோ எட்டிப் பார்க்கும். மனிதருக்கு ஆபத்து விளைவிக்கும் நஞ்சு இரண்டிலும் கிடையாது.

என்னை உண்மையாகவே கவலைப்படுத்துவது எதிர்த்திசைப் பிழை. நல்லபாம்பு என்று நினைத்துத் தண்ணீர்ப்பாம்பை அடிப்பதால் ஒரு பாம்பு வீணாகச் சாகிறது. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது குற்றமும்கூட. தண்ணீர்ப்பாம்பு என்று நினைத்து நல்லபாம்பையோ கண்ணாடி விரியனையோ கையால் எடுத்தால் மனித உயிர் போகும். இந்தப் பிழைக்கு அடிப்படை, தண்ணீரில் கிடப்பதெல்லாம் தண்ணீர்ப்பாம்பு என்ற எண்ணம். எல்லாப் பாம்பும் நீந்தும். வடகிழக்குப் பருவமழையில் வயல் முழுகும்போது எலி வளைகளில் இருந்த நல்லபாம்பும் விரியனும் வெளியேறி, நீந்தி, தண்ணீருக்கு மேலே எஞ்சியிருக்கும் வரப்புக்குத்தான் வருகின்றன. தண்ணீர்ப்பாம்பும் அங்கேதான் ஏறிக் கிடக்கும். ஆகவே இடத்தை வைத்து அடையாளம் சொல்ல முடியாது.

நல்லபாம்பு எப்போதும் படமெடுத்துக்கொண்டே இருப்பதில்லை. ஊர்ந்து போகும்போதும் நீந்தும்போதும் படத்தைச் சுருக்கித்தான் வைத்திருக்கும். அப்படிப் போகும் பாம்பு சாரையைப்போலவோ தண்ணீர்ப்பாம்பைப்போலவோ தெரியும். படமெடுத்தது என்ற சாட்சிக்கு மதிப்பு உண்டு. படமெடுக்கவில்லை என்ற சாட்சிக்கு ஒரு மதிப்பும் இல்லை. கண்ணாடி விரியனில் நடத்தையும் தோற்றமும் ஓரளவு ஒத்துப்போகும். அது பெரும்பாலும் ஓடாமல் சுருண்டு கிடந்தபடியே, குக்கர் விசில் போல உரக்கச் சீறும். முதுகில் நீள்வட்டப் புள்ளிகள் மூன்று வரிசையில் சங்கிலிபோல் ஓடும். படம் தெளிவாக இருந்தால் தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள்: விரியனின் தலை முழுவதும் சின்னஞ்சிறு செதில்கள்; தண்ணீர்ப்பாம்பின் உச்சந்தலையிலோ அகன்ற தகடுகள் சில மட்டுமே. ஆனால் குளிர்ந்த அதிகாலையிலும் இரை விழுங்கிய பிறகும் எந்தப் பாம்பும் மந்தமாகக் கிடக்கும் என்பதால், சாதுவாக இருந்தது என்று யாராவது சொன்னால் அதை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

படம் எடுப்பவர்கள் இரண்டு, மூன்று மீட்டருக்கு அப்பால் நின்று, கைப்பேசியில் ஜூம் செய்து எடுத்தால் போதும். தலையின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, உடலின் நடுப்பகுதி ஒன்று, முடிந்தால் அது நகர்ந்து போகும் வீடியோ ஒன்று. குச்சியால் கிளறித் தலையைத் திருப்ப வேண்டாம். கிளறிவிட்ட பாம்பின் நடத்தையிலிருந்து தெரிவது அதன் அச்சம் மட்டுமே. நீளத்தை எழுதும்போது வரப்பின் அகலத்தையோ அருகிலுள்ள செடியையோ வைத்து எழுதுங்கள், ஏனென்றால் வெறும் கண்ணுக்குப் பாம்பு எப்போதும் பெரிதாகவே தெரிகிறது.

கடித்திருந்தால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இந்தியாவில் கொடுக்கப்படும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. அதை ஏற்றுவதா இல்லையா என்பதை மருத்துவர் உடலில் தெரியும் அறிகுறிகளையும், இரத்தம் 20 நிமிடத்தில் உறைகிறதா என்ற சோதனையையும் வைத்து முடிவு செய்வார். தண்ணீர்ப்பாம்பின் கடியில் சிறு பற்கள் வளைவாகக் கீறிய தடமும் ஓரளவு இரத்தக் கசிவும் இருக்கும். ஆனால் கட்டுவிரியன் கடித்த இடத்தில் தடமும் வலியும் இல்லாமலே போகலாம் என்பதால், தடத்தைப் பார்த்து வீட்டிலேயே தங்கிவிடக் கூடாது. கட்டுப்போடாமல், கீறாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் 108க்குச் சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே எடுத்த படம் இருந்தால் மருத்துவரிடம் காட்டலாம். இல்லாவிட்டால் அதற்காகப் பாம்பைத் தேடி யாரும் வயலுக்குள் திரும்பி இறங்க வேண்டாம். படத்தைப் பார்த்து நானே தண்ணீர்ப்பாம்பு என்று சொன்னாலும், கடிபட்டவர் ஒரு நாள் முழுவதும் மருத்துவரின் கண்காணிப்பில்தான் இருக்க வேண்டும்; கடித்த பாம்பும் படத்திலிருக்கும் பாம்பும் ஒன்றுதான் என்பதைப் படத்தை வைத்து என்னால் உறுதி செய்ய முடியாது.