பிகூ வரி: பிறர் தலையில் விழும் செலவுக்கு விலை

பொருளியல் கட்டுரைகளில் 'பிகூவியன் வரி' என்று எழுதுகிறார்கள். ஆர்தர் செசில் பிகூ என்ற ஆங்கிலேயப் பொருளியலாளரின் பெயரிலிருந்து வந்தது அது. கேம்பிரிட்ஜில் ஆல்ஃபிரட் மார்ஷல் வகித்த பேராசிரியர் பதவிக்கு 1908-இல் வந்தவர் பிகூ. 1920-இல் வெளியான 'நலப் பொருளியல்' நூலில் இந்தக் கருத்தை விரிவாக எழுதினார். வரிக்கு அவர் பெயரைச் சூட்டியவர்கள் பின்னால் வந்தவர்கள்.

அந்த நூலில் அவர் காட்டும் உதாரணங்களில் ஒன்று ரயில் எஞ்சின். எஞ்சினிலிருந்து தெறிக்கும் தீப்பொறி தண்டவாளத்தை ஒட்டிய காட்டைக் கருக்குகிறது. நிலக்கரிக்கும் ஆள்கூலிக்கும் ரயில் கம்பெனி பணம் கொடுக்கிறது. எரிந்த மரத்துக்குக் கொடுப்பதில்லை. மரத்துக்காரர் தலையில் விழும் அந்தச் செலவு கம்பெனியின் கணக்கிலேயே வராததால், ஓட்ட வேண்டியதைவிட அதிக ரயில்கள் ஓடும். இப்படி மூன்றாமவர் மீது விழும் விளைவைத் தமிழில் 'புறவிளைவு' என்கிறோம். அது கெடுதலாக இருந்தால், அந்தக் கெடுதலின் அளவுக்கு வரி போட்டு அதைச் செய்பவரின் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும் என்பதுதான் பிகூ சொன்ன வழி.

கார்பன் வரி இதற்கு இன்றைய உதாரணம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008-இல் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 10 கனடா டாலர் என்று தொடங்கி, ஆண்டுக்கு 5 டாலர் கூட்டி, 2012-இல் 30 டாலருக்குக் கொண்டுவந்தது. அந்த 30 டாலரை வைத்து ஒரு கணக்குப் போடலாம். எரிபொருள் எரித்து ஆண்டுக்கு 1,000 டன் கார்பன் டை ஆக்சைடு வெளியிடும் ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். எரிப்பானைச் சரிசெய்தால் 300 டன் குறையும்; செலவு டன்னுக்கு 12 டாலர். வெப்பக் கசிவை அடைத்தால் இன்னொரு 200 டன் குறையும். அதற்கு டன்னுக்கு 25 டாலர். மிச்சத்தைக் குறைக்கக் கொதிகலனையே மாற்ற வேண்டும். டன்னுக்கு 60 டாலர் ஆகும்.

எதுவும் செய்யாமலிருந்தால் வரி 30,000 டாலர். முதல் இரண்டு வேலைகளையும் செய்தால் செலவு 8,600 டாலர், மிச்சமுள்ள 500 டன்னுக்கு வரி 15,000 டாலர், ஆக 23,600. முதலாளி இந்த இரண்டைச் செய்துவிட்டுக் கொதிகலனைத் தொடாமல் விடுவார். ஒரு டன் உண்மையில் 30 டாலர் கெடுதல்தான் செய்கிறது என்றால், 60 டாலர் செலவழித்து அதை நிறுத்துவது எல்லோருக்கும் நஷ்டம்தானே? புகையை அறவே ஒழிப்பது பிகூ வரியின் வேலை இல்லை. எந்தக் குழாயை எப்படி மாற்றலாம் என்று அரசு உத்தரவு போட வேண்டியதும் இல்லை. அது ஆலைக்காரருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

சரி, அந்த 30 டாலர் சரியான தொகையா? சிக்கலே அங்கேதான். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடால் வரும் சேதத்தை அமெரிக்க அரசு 2021-இல் சுமார் 51 அமெரிக்க டாலர் என்று இடைக்காலமாகக் கணக்கிட்டது. 2023-இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை சுமார் 190 டாலர் என்றது. வருங்காலத் தலைமுறையின் இழப்பை இன்றைய மதிப்பில் எவ்வளவு தள்ளுபடி செய்வது என்பதை மாற்றினாலே விடை பெரிதும் மாறிவிடும். அரசியல் வேறு. பிரிட்டிஷ் கொலம்பியா, நுகர்வோரின் எரிபொருள் மீதான இந்த வரியை 2025 ஏப்ரலில் எடுத்தேவிட்டது. என் பார்வையில், தோராயமான விலைகூட நல்லதுதான். விலையே இல்லாவிட்டால் கெடுதலின் மதிப்பு பூஜ்யம் என்று சொல்வதாகிவிடும், அந்த எண் தவறு என்பது மட்டும் நிச்சயம்.

இனி தமிழ்ச் சொல். 'பிகூவியன்' என்பதில் வரும் 'இயன்' ஆங்கில விகுதி; அதைச் சுமந்து வர வேண்டியதில்லை. கெப்ளர் விதி என்பதுபோல 'பிகூ வரி' என்றாலே போதும். குறில் போட்டு 'பிகு' என்று எழுதினால் 'பிகு பண்ணுகிறார்' என்பதில் வரும் சொல்லாகிவிடும், அதனால் நெடில் வேண்டும். பொருள் விளங்க எழுத விரும்புபவர்களுக்கு 'புறக்கேட்டு வரி' என்பதைப் பரிந்துரைக்கிறேன். 'மாசு வரி' குறுகியது, ஏனென்றால் சாலை நெரிசலும் புறக்கேடுதான். 'அபராதம்' பொருந்தவே பொருந்தாது. அபராதம் சட்டத்தை மீறியவருக்கு. இந்த வரியைக் கட்டுபவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. 'இழப்பீடு' என்பதும் சரியில்லை. பணம் அரசுக்குப் போகிறது, மரம் இழந்தவருக்குப் போய்ச்சேரும் என்ற கட்டாயம் இல்லை.

அப்புறம், பசுமைப் பெயர் வைத்த வரியெல்லாம் பிகூ வரி ஆகிவிடாது. கெடுதலைக் குறைத்தவருக்கு வரியும் குறைகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியிட்ட டன் கணக்குக்கு வரி போட்டால் குறையும். ஆலையின் மொத்த விற்பனையில் இத்தனை சதவீதம் என்று போட்டால், எரிப்பானைச் சரிசெய்தவரும் செய்யாதவரும் ஒரே தொகையைத்தான் கட்டுவார்கள். அது வெறும் வருவாய்க்கான வரி.