நஞ்சுக்கொடி எங்கே, நீர் எவ்வளவு: எட்டாம் ஒன்பதாம் மாத ஸ்கேன் படத்தை எப்படிப் படிக்கிறார்கள்

கர்ப்பத்தின் கடைசி இரண்டு மாதங்களில் எடுக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் பெரும்பாலானவர்கள் முதலில் தேடுவது குழந்தையின் எடையை. மருத்துவரோ இன்னும் இரண்டு வரிகளையும் நிதானமாகப் படிப்பார். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது, பனிக்குட நீர் எவ்வளவு இருக்கிறது என்பவைதான் அவை. இரண்டிலும் எண்கள் இருக்கும். அந்த எண்கள் எப்படி வருகின்றன என்று தெரிந்தால், எதற்குக் கவலைப்படலாம், எதற்கு வேண்டாம் என்பதும் ஓரளவு பிடிபடும்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொள்வோம். 36 வாரம். நஞ்சுக்கொடி பின்புறச் சுவரில், அதாவது 'போஸ்டீரியர்'. அதன் கீழ் விளிம்பு கர்ப்பப்பையின் உள்வாயிலிருந்து 27 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. பனிக்குட நீரின் அளவைச் சொல்லும் ஏ.எஃப்.ஐ. 4.8 சென்டிமீட்டர். இதே பெண்ணுக்கு 32 வாரத்தில் எடுத்த ஸ்கேனில் அந்த விளிம்பு 14 மில்லிமீட்டரில் இருந்தது. 'தாழ்ந்த நஞ்சுக்கொடி' என்று எழுதியிருந்தார்கள்.

முதலில் நஞ்சுக்கொடி. படத்தில் அது சாம்பல் நிறத்தில், ஒரே சீரான திட்டாகக் கர்ப்பப்பைச் சுவரை ஒட்டித் தெரியும். முன்சுவரா, பின்சுவரா, உச்சியிலா, பக்கவாட்டிலா என்பது பெரும்பாலும் வெறும் முகவரிதான். முன்சுவரில் இருந்தால் குழந்தையின் உதை கொஞ்சம் மெத்தென்று தெரியும், அவ்வளவே. உண்மையில் முக்கியமான கேள்வி, அதன் கீழ் விளிம்புக்கும் உள்வாய்க்கும் இடையே எவ்வளவு தூரம் என்பது. விளிம்பு உள்வாயை மூடியிருந்தால் 'பிளசென்டா ப்ரீவியா'. மூடாமல் 20 மில்லிமீட்டருக்குள் இருந்தால் தாழ்ந்த நஞ்சுக்கொடி. அதற்கு மேல் தள்ளி இருந்தால் வழி விட்டிருக்கிறது என்று பொருள். முன்பு சிசேரியன் ஆகி, இப்போது நஞ்சுக்கொடி முன்சுவரில் தாழ்வாகவும் இருந்தால் கதை வேறு. அது பழைய தழும்புக்குள் ஆழமாக வேர்விட்டிருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் மாதிரியில் 14 எப்படி 27 ஆனது? நஞ்சுக்கொடி நகர்ந்து மேலே ஏறிவிட்டதாகச் சொல்வதுண்டு. அப்படி எதுவும் நகர்வதில்லை. கடைசி மூன்று மாதங்களில் கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி நீண்டு விரிகிறது. விளிம்புக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள சுவர் வளர்வதால் இடைவெளி கூடுகிறது. கூடவே, ரத்தவளம் குறைந்த கீழ் விளிம்பு கொஞ்சம் தேய்ந்தும் போகும். இருபதாம் வாரத்தில் 'தாழ்வாக இருக்கிறது' என்று கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பிரசவத்துக்குள் அது சரியாகிவிடுவது இதனால்தான். ஆனால் ஒரு சின்னக் கொக்கி உண்டு. விளிம்பு தேயும்போது அங்கே ஓடிய குழந்தையின் ரத்தக்குழாய்கள் மட்டும் சவ்வின் மேல் தங்கிவிடலாம். அவை உள்வாய்க்குக் குறுக்கே கிடந்தால், பனிக்குடம் உடையும்போது அறுந்து குழந்தை தன் ரத்தத்தை இழக்கும் ஆபத்து இருக்கிறது. எனவே தூரம் சரியாகிவிட்டது என்று தெரிந்த பிறகும் உள்வாய்க்கு மேலே, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல ஸ்கேன் பழக்கம்.

இந்தத் தூரத்தை வயிற்றின் மேலிருந்து அளந்தால் ஏமாறலாம். ஒன்பதாம் மாதத்தில் குழந்தையின் தலை கீழே இறங்கியிருக்கும். மண்டையோட்டு எலும்பின் நிழல் சரியாகப் பின்சுவரின் கீழ்ப்பகுதி மேல் விழுந்து, விளிம்பையே மறைத்துவிடும். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் அது கீழ்ப்பகுதிச் சுவர்களை அமுக்கி ஒட்டவைத்து, இல்லாத ப்ரீவியாவை இருப்பதுபோல் காட்டும். சந்தேகம் வந்தால் சிறுநீர் கழித்துவிட்டு, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் செய்வார்கள். இதைக் கேட்டதும் பலர் பயப்படுவார்கள். கருவி கர்ப்பப்பை வாய்க்குள் போவதில்லை, அதற்குக் கீழேயே நின்று பார்க்கிறது. தாழ்ந்த நஞ்சுக்கொடி உள்ளவர்களுக்கும் அது பாதுகாப்பானது. அளவும் துல்லியமாகக் கிடைக்கும்.

அடுத்தது நீர். படத்தில் கறுப்பாகத் தெரிவது அதுதான். மொத்த நீரையும் யாராலும் ஸ்கேனில் அளக்க முடியாது. ஆழத்தைப் பார்த்து ஊகிக்கிறார்கள். தொப்புளை மையமாக வைத்து வயிற்றை நான்கு பகுதியாகப் பிரித்து, கருவியைத் தரைக்குச் செங்குத்தாகப் பிடித்து, ஒவ்வொன்றிலும் ஆழமான கறுப்புப் பகுதியை மேலிருந்து கீழாக அளப்பார்கள். அதில் கை காலோ தொப்புள்கொடியோ குறுக்கிடக் கூடாது. நான்கையும் கூட்டினால் ஏ.எஃப்.ஐ. இது 1987-இல் வெளியான முறை. 5-க்குக் குறைந்தால் நீர் குறைவு, 24 அல்லது 25-ஐத் தாண்டினால் அதிகம் என்று கொள்வார்கள்.

நம் மாதிரியில் நான்கு அளவுகள்: 2.6, 1.2, 1.0, பூஜ்யம். கூட்டினால் 4.8. கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் இன்னொரு முறையும் இருக்கிறது. நான்கையும் கூட்டாமல், ஆழமான ஒரே பகுதியை மட்டும் பார்ப்பது. அது 2 சென்டிமீட்டருக்குக் குறைந்தால்தான் நீர் குறைவு. 8 அல்லது அதற்கு மேல் போனால் அதிகம். இந்த முறைப்படி 2.6 இயல்பு. ஒரே பெண், ஒரே படம், இரண்டு தீர்ப்பு! இரண்டு முறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், ஏ.எஃப்.ஐ. அதிகம் பேருக்கு 'நீர் குறைவு' என்ற முத்திரையைக் குத்தி, அதிகம் பேருக்கு வலி வரவைக்கும் மருந்து கொடுக்கக் காரணமானது. குழந்தைகளின் உடல்நிலை அதனால் மேம்படவில்லை. அதனால் என் ஓட்டு ஒற்றை ஆழத்துக்குத்தான். கருவியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே நீர் குறைந்து தெரியும். குழந்தை ஒருமுறை புரண்டால் எண் மாறும். 4.8-க்கும் 5.2-க்கும் இடையே பெரிய ரகசியம் எதுவும் ஒளிந்திருக்கவில்லை.

நீர் ஏன் கூடிக் குறைகிறது என்றால், அது தேங்கிக் கிடக்கும் நீர் இல்லை. கடைசி மாதங்களில் அதில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர். குழந்தையே அதை விழுங்கவும் செய்கிறது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டம் தராவிட்டால் குழந்தையின் உடல் ரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடும். சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையும், சிறுநீர் குறையும், நீர் வற்றும். எனவே, குறைந்த நீர் சில நேரம் நஞ்சுக்கொடியின் நிலையைப் பற்றிய செய்தி. மறுபக்கம், தாய்க்கு சர்க்கரை நோய் இருந்தாலோ, குழந்தையால் விழுங்க முடியாத கோளாறு இருந்தாலோ நீர் பெருகும்.

ஆகவே 4.8 என்று பார்த்ததும் மருத்துவர் கேட்பது வேறு கேள்விகள். நீர் கசிகிறதா? பனிக்குடம் உடைந்திருந்தால் வேறெதையும்விட அதுதான் அவசரம். குழந்தையின் வளர்ச்சி வாரத்துக்கு ஏற்றபடி இருக்கிறதா? தொப்புள்கொடி டாப்ளரில் ரத்த ஓட்டம் எப்படி, இதயத்துடிப்புப் பதிவு எப்படி? நம் மாதிரிப் பெண்ணுக்குக் கசிவு இல்லை, எடை சரி, டாப்ளர் சரி என்று வைத்துக்கொண்டால், சில நாளில் மறுபடி பார்ப்பதே போதுமானதாக இருக்கலாம். உடலில் நீர்ச்சத்து குறைந்திருந்தால், நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகு இந்த அளவு கூடுவதும் உண்டு. அதற்காகக் கசிவையோ வளர்ச்சிக் குறைவையோ தண்ணீர் குடித்துச் சரிசெய்ய முடியாது. இடையில் ரத்தப்போக்கு வந்தாலோ, நீர் கசிந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ, ரிப்போர்ட்டில் எந்த எண் இருந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.