‘உடல்நலக் குறைவு காரணமாக’ என்று தொடங்கும் கடிதங்கள்

தமிழ்நாடு–கேரள எல்லையான வாளையாற்றுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில், டீன் அலுவலகத்துக்கு வரும் மாணவர் விண்ணப்பங்களைப் பார்ப்பது என் வேலை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் எல்லைக்கு அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், சித்தூர் பகுதிகளிலிருந்து வருகிறவர்கள். வீட்டில் தமிழ், வில்லேஜ் ஆபீசில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம். செமஸ்டர் பிரேக் கேட்டு வரும் கடிதங்கள் மட்டும் எல்லார் கையிலும் ஒரே மாதிரி தொடங்கும்: ‘உடல்நலக் குறைவு காரணமாக.’

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் கொண்டுவந்த கடிதத்தைச் சொல்கிறேன். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘உடல்நலக் குறைவு காரணமாக வகுப்புக்கு வர இயலவில்லை. ஒரு செமஸ்டர் பிரேக் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ கூடவே ஒரு மருத்துவச் சான்றிதழ். மஞ்சள் காமாலை, அறுபது நாள் ஓய்வு.

சான்றிதழைப் பார்த்ததுமே இடித்தது. அறுபது நாளும் முடிந்த பிறகு, கடிதம் கொண்டுவந்ததற்கு முந்தின நாள் தேதியில் எழுதியிருந்தது. காமாலை என்றால் பிலிருபின் பார்த்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு ஒன்றாவது இருக்கும், அது இல்லை. பையன் உள்ளங்கையைப் பார்த்தேன், தோல் உரிந்து காய்ப்பேறியிருந்தது.

“யாருக்கு உடம்பு சரியில்ல கண்ணு?” என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்பாவுக்கு சார்.”

அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர். ஆகஸ்டில் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி, கோயமுத்தூரில் அறுவை சிகிச்சை. வீட்டில் வேறு வருமானம் இல்லை. பையன் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றப் போய்விட்டான். “பணக் கஷ்டம்னு எழுதினா ஃபீஸ் கட்டச் சொல்லி அனுப்பிருவாங்க, உடம்புன்னா விட்ருவாங்கன்னு சொன்னாங்க சார்.”

யார் சொன்னார்களோ, இந்தப் பேச்சு ஹாஸ்டலுக்கு ஹாஸ்டல் ஓடுகிறது. உடல்நலம் என்று எழுதினால் திரும்பி வரும்போது உடல் தகுதிச் சான்றிதழ் கேட்போம். வராத நோய்க்கு இரண்டாவது பொய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். பணம் என்று எழுதினால் டீன் முதலில் கேட்பது வேறு: கட்டணத்தைத் தவணையாகப் பிரித்தால் படிப்பைத் தொடர முடியுமா? பலருக்கு அதோடு பிரேக் தேவையே இல்லாமல் போயிருக்கிறது. இவனுக்குத் தவணை போதாது, அரிசி வாங்கவே இவன் சம்பளம்தான். அதுவும் கடிதத்தில் இருந்தால்தானே டீனுக்குத் தெரியும்?

அப்புறம் வருகைப் பதிவை எடுத்தோம். அன்றுவரை 52 வேலை நாள், அவன் வந்தது 21. மீதி இருந்த 23 நாளும் ஒன்று விடாமல் வந்தாலும் 75-க்கு 44, அறுபது சதவீதம்கூடத் தேறாது. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் தேர்வெழுத 75 சதவீதம் வேண்டும். மருத்துவம் போன்ற காரணங்களுக்கு 65 வரை சலுகை உண்டு, அதற்குக் கீழே இல்லை. ஆக, அந்த செமஸ்டர் போனது போனதுதான். எப்படிப் போனதாகப் பதிவில் ஏறும் என்பது மட்டும்தான் மிச்சம்.

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வருகை குறைந்து தேர்வெழுத விடாமல் நிறுத்தப்பட்டால், அந்தக் காலம் அனுமதிக்கப்பட்ட பிரேக்காகக் கணக்கில் வராது. முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் வரும். இரண்டிலும் வீணாவது அதே ஒரு வருடம்தான். ஆனால் 2017 விதிமுறைப்படி டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு வாங்க, எல்லாப் பாடத்தையும் முதல் முயற்சியில் ஐந்து ஆண்டுக்குள் முடித்திருக்க வேண்டும், அந்த ஐந்தில் அனுமதி பெற்ற ஒரு வருட பிரேக் அடக்கம். வருகைக் குறைவால் நின்ற வருடத்துக்கு அந்த இடம் இல்லை. பையனின் சி.ஜி.பி.ஏ. அப்போது 8.7, டிஸ்டிங்ஷனுக்கு வேண்டியது 8.5.

விண்ணப்பிக்கக் கடைசி நாள், அந்த செமஸ்டர் தேர்வுக்குப் பதிவு செய்யும் கடைசி நாள். அன்றைக்கு அதற்கு ஒன்பது நாள் இருந்தது. கடிதம் டீன் கையெழுத்தோடு நிற்காது, முதல்வர் வழியாகப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அதனால் ஒன்பது நாள் என்பது உண்மையில் நாலைந்து நாள்.

சரி, எவ்வளவு காலம் கேட்பது? ‘ஒரு செமஸ்டர்’ என்று எழுதியிருந்தான். ஜனவரியில் வந்துவிடுவானாம். ஜனவரியில் நடப்பது ஆறாவது செமஸ்டர். அவன் விட்ட ஐந்தாவது அடுத்த ஜூலையில்தான் மறுபடி வரும். பாதியில் விடுகிறவர்களுக்கு ‘ஒரு செமஸ்டர்’ என்பது நடைமுறையில் ஒரு வருடம், இதை நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரேக்காகக் கிடைப்பதும் சாதாரணமாக ஒரே தடவை, அதிகபட்சம் ஒரு வருடம்தான். அதனால் ஒரு மாதக் காய்ச்சலுக்கெல்லாம் அதைச் செலவழிக்க வேண்டாம். வருகை சரியாக இருந்து பரீட்சை நேரத்தில் மட்டும் படுத்துவிட்டால், தேர்விலிருந்து விலகிக்கொள்ளத் தனி விண்ணப்பம் இருக்கிறது.

அங்கேயே உட்கார்ந்து புதுக் கடிதம் எழுதினான். பெறுநர் டீன், ‘வழி’ என்ற இடத்தில் துறைத் தலைவர். உள்ளே இருந்தது இது:

‘என் தந்தை ஆகஸ்ட் மாதம் மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். குடும்பத்தில் வேறு வருமானம் இல்லாததால் நான் வேலைக்குச் செல்கிறேன். ஐந்தாம் செமஸ்டரை இடையில் நிறுத்தி, அடுத்த ஆண்டு ஜூலையில் அதே செமஸ்டரில் மீண்டும் சேர அனுமதி கோருகிறேன். இந்த செமஸ்டருக்குக் கட்டிய கட்டணத்தை மறுசேர்க்கையில் ஈடுசெய்ய முடியுமா எனத் தெரிவிக்க வேண்டுகிறேன்.’

மீண்டும் சேரும் மாதம் முதல் கடிதத்தில் இல்லை. அது இல்லாத கடிதத்தை எங்களால் மேலே அனுப்பவே முடியாது. கட்டணம் பற்றிய வரியும் முக்கியம், வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும். காமாலைச் சான்றிதழைக் கிழித்துப் போட்டான். அதற்குப் பதிலாக அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியும் வருமானச் சான்றிதழும் இணைத்தான். வருமானச் சான்றிதழைக் கேரள அரசின் அக்ஷயா சேவை மையத்தில் போய் வாங்கினான், மலையாளத்தில் வந்தது. எங்கள் செக்ஷனில் மலையாளம் படிப்பவர் ஒருத்தர்தான், அன்று அவர் லீவு. ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று சேர்க்க ஒரு நாள் போனது.

பையனுக்குத் தோன்றாத இன்னொன்று, கல்விக் கடன். சித்தூரில் ஒரு வங்கியில் வாங்கியிருந்தான். வங்கியின் கணக்கில் படிப்பு நான்கு வருடம், அதற்கு மேல் ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கிவிடும். இவன் படிப்பு ஐந்தாவது வருடம்தான் முடியும். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கடன் திட்டத்தில் படிப்புக் காலத்தை இரண்டு வருடம் வரை நீட்டிக்க இடம் உண்டு, ஆனால் நாம் போய்ச் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும். பிரேக் ஆணையின் நகலோடு மேனேஜருக்கு ஒரு கடிதம் கொடுக்கச் சொன்னேன்.

ஆணை நவம்பர் முதல் வாரம் வந்தது. வாங்க அவன் அம்மா வந்தார். “சாரே, இது இருந்தா திரும்பச் சேத்துக்குவாங்கல்ல?” என்று இரண்டு தடவை கேட்டார். சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் சேரும்போது எந்த விதிமுறை நடப்பில் இருக்கிறதோ அதுதான் இவனுக்கும், பாடத்திட்டம் மாறியிருந்தால் கூடுதல் பேப்பர் வரலாம், அதனால் ஜூன் மாதமே வந்து பார்க்கட்டும் என்றேன்.

ஜூன் கடைசியில் வந்தான். கவுண்டரில் புதிதாகச் சேர்ந்த பெண், இந்தப் பதிவு எண் லிஸ்டிலேயே இல்லையே என்றார். பையன் பிளாஸ்டிக் கவரிலிருந்து ஆணையின் ஜெராக்ஸை எடுத்து நீட்டினான். கவருக்குள் இன்னும் நாலு காப்பி இருந்தது.